வீடியோ ஏறும்போது வகுப்பு ஏன் நின்றுபோகிறது?

வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என் மகன் கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் ஃபைலை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், என் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ் சரியாகவே காட்டுகிறது. பிறகு எங்கே கோளாறு? (அண்ணா நகர், மதுரை)

உங்கள் குரலுக்கு 100 கேபிபிஎஸ் கூட வேண்டாம். அதனால் இது வேகம் பற்றாத கதை இல்லை என்று நினைத்து, ஒரு சோதனை செய்யச் சொல்லித் திரும்ப எழுதினேன். ரவுட்டரோடு கேபிளில் இணைத்த விண்டோஸ் கணினியில் இதை ஓடவிட வேண்டும்:

```
ping -t 8.8.8.8
```

வீட்டில் யாரும் எதுவும் ஏற்றாதபோது பதில் திரும்பிவர 14 மில்லிசெகண்ட் ஆகியிருக்கிறது. மகன் அப்லோடைத் தொடங்கிய சில நொடிகளில் அது 600-ஐத் தாண்டிவிட்டது. அப்லோடை நிறுத்தியதும் மறுபடி 14. இதற்குப் பெயர்தான் பஃபர்ப்ளோட்.

ஜிகர்தண்டா கடையில் ஒருவர் ஐம்பது பேருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கேட்டு நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை வேகமானதுதான், ஆனாலும் உங்கள் முறை வருவதற்குள் விடிந்துவிடும். இணையப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. அதன் நீளத்தைக்கூடக் கணக்குப் போடலாம், நீங்கள்தான் கணக்கு டீச்சர் ஆயிற்றே: 0.6 நொடி × 20 மெகாபிட் = 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட். மகனுடைய வீடியோ அந்த இடத்தை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறது. ஃபைலைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக அனுப்பும் டிசிபி முறை, அதில் ஒன்று தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வரிசை நிற்கும் இடமான பெரிய பஃபரோ எதையும் தொலைக்காமல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அனுப்பும் கணினிக்கு நெரிசல் இருப்பதே தெரிவதில்லை.

இதற்கு மருந்து, ரவுட்டரில் வரிசையை ஒழுங்கு செய்யும் எஸ்க்யூஎம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால் `luci-app-sqm` பொதியை நிறுவிவிட்டு `Network → SQM QoS` பக்கம் போங்கள். இணையம் உள்ளே வரும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு 18000, டவுன்லோடு 90000 என்று கொடுங்கள் (அளவு கிலோபிட்டில்). க்யூ வகை `cake`, ஸ்கிரிப்ட் `piece_of_cake.qos`.

20 கிடைக்கும்போது ஏன் 18 என்று கேட்பீர்கள். நெரிசல் வரும் இடம் இப்போது இணைய நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது, அங்கே நம் கை எட்டாது. கொஞ்சம் குறைவாக அனுப்பினால் வரிசை நம் ரவுட்டருக்குள் வந்து நிற்கும். இங்கே கேக் இரண்டு வேலை செய்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி அனுப்புவதால், உங்கள் குரல் வீடியோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. அப்புறம், பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேலேயே 100 மில்லிசெகண்ட் நீடித்தால், ஒரு பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புபவருக்கு "மெதுவா" என்று சைகை காட்டுகிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடல் முறையின் யோசனை இது.

டீச்சர் வீட்டில் இப்போது அப்லோடு ஓடும்போதும் பிங் 20-ஐ ஒட்டியே நிற்கிறது. மகனுக்கு வீடியோ ஏற ஒன்பதில் ஒரு பங்கு நேரம் கூடும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடி எஸ்க்யூஎம் போட்டேன் சார், பிங் அப்படியே எகிறுகிறது. (திருமங்கலம்)

முதலில் `Software flow offloading` அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் பாக்கெட்டுகள் வரிசைக்கே வராமல் குறுக்கு வழியில் போய்விடலாம். அடுத்து, கொடுத்த எண் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு, ஊரே படம் பார்க்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். அந்த அளவில் 85 சதவீதத்தில் தொடங்கி, பிங் ஏறத் தொடங்கும்வரை 500 கிலோபிட்டாகக் கூட்டுங்கள். டவுன்லோடு எண்ணைச் சற்றுத் தாராளமாகவே குறைத்துக் கொடுங்கள், ஏனென்றால் அந்த வரிசை எதிர்முனையில் இருக்கிறது. நாம் பாக்கெட்டைக் கைவிட்டு மறைமுகமாகத்தான் அடக்க முடியும்.

300 எம்பிபிஎஸ் பிளான், எஸ்க்யூஎம்மில் 270 கொடுத்திருக்கிறேன். 110-க்கு மேல் வரவில்லையே? (மேலூர்)

ரவுட்டரின் சிபியு திணறுகிறது. டவுன்லோடு ஓடும்போது `top` போட்டுப் பாருங்கள், `ksoftirqd` மேலே நின்றால் அதுதான். `cake`-க்குப் பதில் `fq_codel`, `simple.qos` போட்டால் சுமை கொஞ்சம் குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேறு ரவுட்டர்தான்.

மாடி அறையில் வைஃபையில் மட்டும் கேம் தடுமாறுகிறது. எஸ்க்யூஎம் உதவுமா? (வாடிப்பட்டி)

ரவுட்டரின் சொந்த முகவரிக்கே, பெரும்பாலும் `192.168.1.1`, மாடியிலிருந்து பிங் செய்யுங்கள். அதிலேயே நூறு, இருநூறு என்று தாவினால் தொல்லை காற்றில் இருக்கிறது. வெளியே போகும் வரிசையை ஒழுங்கு செய்து அதைத் தீர்க்க முடியாது. மாடிக்கு ஒரு கேபிள் இழுங்கள்.