இரண்டா, ஒன்பதா?

கேள்வி: சம்பா நடவுச் செலவுக்காக எங்கள் ஊரில் ஒருவரிடம் செப்டம்பர் 20 அன்று 50,000 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 49,000 கொடுத்தார். அறுவடை முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. வங்கியில் நகைக்கடனுக்கு 9 சதவீதம் கேட்கிறார்களே, 2 எங்கே, 9 எங்கே? நான் செய்தது லாபம்தானே?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஊர்க்காரர் சொன்ன இரண்டு, ஒரு மாதத்துக்கு உரியது. வங்கி சொன்ன ஒன்பது, ஓர் ஆண்டுக்கு உரியது. மரக்கால் கணக்கையும் மூட்டைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறிய எண் என்று பார்த்திருக்கிறீர்கள். நெல் அளக்கும்போது நீங்கள் இந்தத் தவற்றைச் செய்யமாட்டீர்கள்.

இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 24 வரும். ஆகவே நீங்கள் வாங்கியது ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக் கடன். சதவீதம் என்ற சொல் பழக்கமில்லாதவர்கள் கணக்கை மறுபக்கமாகத் திருப்பி, வங்கியின் வட்டியை ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவரலாம். ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் முக்கால் வரும். அதாவது வங்கி கேட்பது நூற்றுக்கு மாதம் 75 பைசா. இரண்டு ரூபாய் பெரியதா, எழுபத்தைந்து பைசா பெரியதா என்று கேட்டிருந்தால் எனக்கு எழுதவேண்டிய தேவையே உங்களுக்கு வந்திருக்காது. 50,000 ரூபாயை ஆறு மாதம் வைத்திருந்தால் வங்கிக்கு வட்டி 2,250 ரூபாய். இவருக்கு 6,000 ரூபாய். நகை மதிப்பீட்டுக்கும் இதர செலவுக்கும் வங்கி பிடிப்பதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையாது.

இந்த 24கூடப் பேச்சளவில் உள்ள வட்டிதான். உண்மை வட்டியைக் காண நோட்டில் எழுதிய தொகையை விட்டுவிட்டுக் கையில் வாங்கிய தொகையைப் பிடிக்கவேண்டும். கூடுதலாகக் கொடுத்ததைக் கையில் வாங்கியதால் வகுத்து, நூற்றால் பெருக்கி, கடன் இருந்த காலத்தை ஓர் ஆண்டுக்கு நீட்டினால் விடை வரும். நீங்கள் வாங்கியது 49,000. சரியாக ஆறு மாதம் கழித்து மார்ச் 20 அன்று அசல் 50,000, மீதி ஐந்து மாத வட்டி 5,000, ஆக 55,000 கொடுப்பீர்கள். 49,000க்கு ஆறு மாதத்தில் 6,000 கூடுதல் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24.5 சதவீதம். ஒரு மாத முன்வட்டி மட்டும் அரை சதவீதம்தான் ஏற்றுகிறது என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் ஆறு மாத வட்டியையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 44,000 கொடுப்பவரிடம் இதே 'இரண்டு வட்டி', ஆண்டுக்கு 27 சதவீதத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்கு இரண்டு என்ற பேச்சு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உங்களை அதிகமாகக் கடிக்கப்போவது முன்வட்டியைவிடத் தேதிதான். நமது பகுதியில் கொடுப்பவர்கள் பலரும் மாதத்தை உடைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை; இரண்டு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி கேட்பார்கள். அறுவடை தை, மாசியில் முடிந்தாலும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை வரிசையில் நிற்பதும், ஈரப்பதம் கூடுதல் என்று காயவைத்து மறுபடி கொண்டுபோவதும், பிறகு பணம் கணக்கில் ஏறுவதும் உங்கள் விருப்பப்படி நடக்காது. பணம் மார்ச் 28இல்தான் கைக்கு வந்தது என்று வையுங்கள். எட்டு நாளுக்காக ஏழாவது மாத வட்டி 1,000 ரூபாய் சேர்ந்து, நீங்கள் கொடுப்பது 56,000 ஆகும். 49,000க்கு 189 நாளில் 7,000 கூடுதல் என்பது ஆண்டுக்கு 27.5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே, நாள் கணக்கில் வட்டி வாங்குவாரா, மாதக் கணக்கிலா என்பதைத் திருப்பும் நாளில் கேட்காமல் இப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பகுதிக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே சிட்டா, அடங்கல் கேட்பார்கள். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுபவரிடம் அவை இருக்காது. அப்படிப்பட்டவர் ஊர்க்காரரிடம் போவதில் நான் குற்றம் காணமாட்டேன். நகையும் கையில் இருந்து, வங்கி வாசல்வரை போய், ஒன்பதைக் கேட்டு மிரண்டு திரும்பி வந்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இனி மகசூல் பொய்த்து அந்த ஆண்டு கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் கடன் உண்மையில் வீங்குவது அங்கேதான். கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டின் மீது வழக்குப் போட, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் நோட்டின் பின்புறத்தில் ஒரு வரவு எழுதி உங்கள் கையெழுத்தை வாங்குவார்கள். அல்லது பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட்டு எழுதச் சொல்வார்கள். வரவு எழுதுவதில் கெடு மட்டும் புதிதாகத் தொடங்கும், அசல் பழைய அசலாகவே இருக்கும். புது நோட்டில் அப்படியில்லை. முதல் மாத வட்டிக்குப் பிறகு எதுவும் கட்டாமல் விட்டிருந்தால் மூன்று ஆண்டு முடிவில் 35 மாத வட்டி 35,000 நிலுவை நிற்கும். அதை அசலோடு சேர்த்து 85,000க்கு நோட்டு எழுதுவார்கள். அன்றிலிருந்து மாத வட்டி 1,700 ரூபாய். கொடுப்பவர் அப்போதும் நூற்றுக்கு இரண்டுதான் வாங்குகிறேன் என்பார், நோட்டைப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யும் அல்ல. ஆனால் நீங்கள் என்றோ கையில் வாங்கிய 49,000க்கு அது நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ மூன்றரை ரூபாய், ஆண்டுக்கு 41 சதவீதத்துக்கு மேல்.

உங்கள் நோட்டுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. நகை வீட்டில் இருக்கிறதென்றால் அதை வங்கியில் வைத்து இந்த 50,000ஐ இந்த மாதத் தேதி தாண்டுவதற்குள் அடைத்துவிடுங்கள். மாதம் 1,000 ரூபாய் போகிற இடத்தில் 375 ரூபாய் போகும். அடைக்கும்போது நோட்டை உங்கள் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் சிறு தொகை எது கொடுத்தாலும், அசலில் கழிக்கிறாரா வட்டியில் கழிக்கிறாரா என்று கேட்டு, தொகையையும் தேதியையும் நோட்டின் பின்புறத்தில் எழுதச் செய்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.