பன் வாயை மூடும் கை

வணக்கம் அக்கா. தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காக வீட்டு ஓவனில் கஸ்டர்ட் பன்னும் ஜாம் பன்னும் போடுகிறேன். மாவு நன்றாக உப்புகிறது, நிறமும் வருகிறது. ஆனால் பத்துக்கு ஆறு பன் அடியில் வாய் பிளந்து கஸ்டர்ட் தட்டில் வழிந்துவிடுகிறது. ஜாம் பன்னைக் கேட்கவே வேண்டாம், பாகாக உருகித் தட்டிலேயே கருகிவிடுகிறது. கொழுக்கட்டை பிடித்தால் எனக்கு ஒன்றுகூட வெடித்ததில்லை. அதே கைதானே இதையும் மூடுகிறது? 60 கிராம் மாவு உருண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் வைக்கிறேன். விளிம்பில் தண்ணீர் தொட்டு ஒட்டியும் பார்த்துவிட்டேன்.
வாசகி, தேவகோட்டை

வணக்கம். அதே கை மூடுவதுதான் இங்கே சிக்கல். கொழுக்கட்டைக்கு அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் கிளறுகிறோம். பாதி வெந்த அந்த மாவு களிமண் மாதிரி, பிடித்த இடத்தில் பிடித்தபடி நிற்கும், ஆவியில் வேகும்போதும் பெருக்காது. பன் மாவு அப்படியில்லை. பிசையப் பிசைய மைதாவில் ரப்பர் மாதிரி ஓர் இழுவை வந்துவிடுகிறது. வாயைக் கூட்டி மூடினால் அது திரும்ப விரியப் பார்க்கும். அதற்குமேல் ஈஸ்ட் உள்ளிருந்து ஊதுகிறது, ஓவன் சூட்டில் கஸ்டர்டின் ஈரம் ஆவியாகித் தள்ளுகிறது. சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் வாய் இத்தனையையும் தாங்காது.

அடுத்த முறை வெடித்த பன் ஒன்றை ஆறவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பிளந்த இடத்தின் இரண்டு உதடும் வழவழவென்று இருந்தால், அந்த வாய் ஒட்டவே இல்லை என்று அர்த்தம். நார் நாராகப் பிய்ந்த மாதிரி இருந்தால், ஒட்டியது சரி, உள்ளே இருந்த பாரமும் ஆவியும் கிழித்துவிட்டன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒட்டாத வாய். கொழுக்கட்டை பிடிக்கும்போது கையில் எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வீடுகளில் பிறவிப் பழக்கம். பன்னுக்கு அதுதான் எமன். விளிம்பில் எண்ணெய் பட்டால் மாவும் மாவும் ஒட்டாது. தேய்க்கும்போது தூவிய வறட்டு மைதா விளிம்பில் நின்றாலும் அதே கதைதான். கஸ்டர்டில் பாலும் வெண்ணெயும் இருப்பதால் அது ஒரு சொட்டு ஈஷினாலும் போதும், அந்த இடம் திறந்துகொள்ளும். தண்ணீர் உதவும், ஆனால் விரல் நுனியில் ஈரம் தெரியுமளவுக்கு மட்டும். அதிகமானால் கொழகொழத்து வழுக்கும். மாவு பதமாக இருந்தால் தண்ணீரே தேவைப்படாது, அதன் சொந்தப் பிசுபிசுப்பு போதும். மின்விசிறிக் காற்றில் உருண்டையின் மேல் தோல் காய்ந்துவிட்டால்தான் ஈர விரலால் தடவ வேண்டியிருக்கும். நான் உருண்டைகளை ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிடுவேன்.

காரைக்குடியில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் நின்று மாஸ்டர் பன் மூடுவதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கஸ்டர்ட் எடுத்து வைப்பது எப்போதும் ஒரு கை, வாயை மூடுவது மறு கை. அந்த மறு கையில் கஸ்டர்ட் படவே விடமாட்டார். பட்டுவிட்டால் துணியில் துடைத்த பிறகுதான் அடுத்த உருண்டை. பூரிக்கட்டையையும் அவர் தொடவில்லை. உருண்டையை உள்ளங்கையால் அமுக்கி, ஓரத்தை மட்டும் விரலால் தட்டித் தட்டி மெல்லிசாக்கினார். நடுவில் மேடாக விட்டுவிட்டார். காரணம் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் தேய்த்தால், வாயைக் கூட்டும்போது ஓரமெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து அடியில் கட்டியாகிவிடும். மேல்பக்கமோ தோலாக மெலிந்து நிற்கும்.

மூடும் விதம் இதுதான். எதிரெதிர் ஓரம் இரண்டை உச்சியில் சேர்த்துக் கிள்ளுங்கள். மற்ற இரண்டு ஓரத்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இடையில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகளையும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திருகு திருகி அழுத்திக் கிள்ளுங்கள். கோடே தெரியாமல் ஒரே மாவாகும்வரை கிள்ள வேண்டும். பிறகு அந்த வாய் அடியில் இருக்கும்படி தட்டில் வையுங்கள், பன்னின் பாரமே அதை அமுக்கிப் பிடிக்கும். இழுக்கும்போது மாவு சுருங்கிச் சுருங்கிப் போனால் மல்லுக்கட்டாதீர்கள். மூடி வைத்து 15 நிமிஷம் விட்டால் இழுவை தளர்ந்துவிடும்.

இனி கிழிகிற வாய். இரண்டு மேசைக்கரண்டியைக் குவித்து எடுத்தால் 40 கிராம் தொட்டுவிடும். 60 கிராம் மாவுக்கு அது பெரிய பாரம், 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கஸ்டர்டின் பதமும் முக்கியம். பழத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடும் கஸ்டர்ட் பன்னுக்குள் நிற்காது. கால் லிட்டர் பாலுக்கு 30 கிராம் கஸ்டர்ட் பவுடரும் 50 கிராம் சர்க்கரையும் போடுங்கள். குமிழி விட்டுக் கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆறியதும் நீர்த்துக்கொள்ளும். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம் வேண்டும். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, 25 கிராம் உருண்டைகளாக எண்ணெய்த்தாளில் வைத்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கெட்டியான உருண்டையை மாவின் நடுவில் வைத்துவிட்டால் விளிம்பில் ஈஷுகிற பேச்சே இல்லை. உங்கள் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

ஜாம் வேறு ஜாதி. பாட்டிலில் கெட்டியாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அதைக் கட்டி நிறுத்தும் பெக்டின் சூட்டில் இளகிவிடும், ஜாம் தண்ணியாக ஓடும். ஒரு சிறு கரண்டி ஜாமைத் தட்டில் வைத்து 180 டிகிரி ஓவனில் எட்டு நிமிஷம் விட்டுப் பாருங்கள். பரவி ஓடினால் பன்னுக்குள்ளும் அதையேதான் செய்யும். 100 கிராம் ஜாமுக்கு இரண்டு தேக்கரண்டி சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விட்டு, அடுப்பில் கெட்டியாகக் கிண்டி ஆறவிட்டால் பெருமளவு நிற்கும். என்னைக் கேட்டால் ஜாமை வேகவைக்கவே வேண்டாம் என்பேன். வெறும் பன்னாகச் சுட்டு, முழுக்க ஆறவிட்டு, பக்கவாட்டில் குச்சியால் துளைபோட்டு, நீள மூக்குள்ள நாசில் வழியாக உள்ளே பிழிந்துவிடுங்கள். ஜாமின் மணமும் கெடாது, வாய் மூடும் வேலையும் இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடிய பன்களை இரண்டாம் முறை உப்ப வைக்க ஒரு மணி நேரம் என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை மாதத்தில் என் சமையலறையில் 30 நிமிஷத்திலேயே ஆகிவிடுகிறது. அதற்குமேல் விட்டால் மாவு நைந்து, நன்றாக ஒட்டிய வாயும் தளர்ந்துவிடும். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். வராமல் அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது. அந்தப் பதத்தில் பால் தடவி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம்.

கஸ்டர்ட் பன் மிஞ்சினால் வெளியில் வைக்காதீர்கள். ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். பிள்ளைகளுக்கு மறுநாள் டிபன் பாக்ஸில் கொடுத்துவிடுவதானால் ஜாம் பன் கொடுங்கள், கஸ்டர்ட் வேண்டாம். மதியம்வரை நம் வெயிலில் அது தாங்காது.