பழைய மாணவர்களை அழைக்கும் கடிதத்தைச் சிரிப்போடு எப்படித் தொடங்குவது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய மாணவர்களை ஒரு சந்திப்புக்கு அழைத்துக் கடிதம் எழுத வேண்டும். தொடக்கம் அன்பாகவும் கொஞ்சம் சிரிப்பு வரும்படியும் இருக்க என்ன எழுதலாம்?

பதில்: நானும் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். இதே மாதிரிக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

முதலில் "அன்புள்ள மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தேன், ஆண்டு விழாவில் மைக் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்ததில் "பிரம்பு இன்னும் பத்திரமாக இருக்கிறது, வராதவர்கள் ஜாக்கிரதை" என்று எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன். மனைவி படித்துவிட்டு, "அடி வாங்கினவனுக்கும் இது சிரிப்பா இருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிரம்பை எடுத்துவிட்டேன். பட்டப்பெயர், பழைய மதிப்பெண் எல்லாமும் அந்த வகைதான், எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் குறுகிப்போவார், அவர் வரவும் மாட்டார். கேலிக்கு ஆள் வேண்டுமென்றால் நம்மையே எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"அன்புள்ள பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு,
பயப்படாதீர்கள், இது வினாத்தாள் இல்லை. உங்கள் கணக்கு வாத்தியார்தான் எழுதுகிறேன். எக்ஸைக் கண்டுபிடி என்று உங்களைப் படுத்தியவன், இப்போது நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிறேன். அப்போது இருந்த தலைமுடியிலிருந்து இப்போது இருப்பதைக் கழித்தால் விடை ரொம்பப் பெரிதாக வருகிறது. சரிபார்க்க நீங்கள் எல்லோரும் நேரில் வர வேண்டும்."

கவனித்தீர்களா, கடைசி வரியில் சிரிப்பே அழைப்பாக மாறிவிடுகிறது, தனியாக "இதன் மூலம் அழைக்கிறேன்" என்று குரலை மாற்ற வேண்டியதில்லை.

'நீ'யா 'நீங்கள்'ளா என்பதில்தான் ரொம்ப நேரம் தடுமாறினேன். தலை நரைத்தவர்களை நீ என்று எழுதக் கை வரவில்லை, ஒவ்வொருவரையும் நீங்கள் என்றால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். வகுப்பு முழுவதற்கும் ஒரே கடிதம் என்றால் நீங்கள் என்பது பன்மையாகவே நின்றுவிடும், பிரச்சினை தீர்ந்தது. தனித்தனியாக அனுப்புவதாக இருந்தால் அன்று எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள்.

ஒரு தவறும் செய்தேன். "முதல் மணி அடிக்கும்போது வந்துவிடுங்கள்" என்று அழகாக எழுதிவிட்டு நேரத்தைப் போட மறந்துவிட்டேன், அப்புறம் ஆளாளுக்குப் போன் போட்டு எத்தனை மணி என்று கேட்டார்கள். தேதி, நேரம், இடம், செலவு யாருடையது என்ற நாலும் விளையாட்டில்லாமல் தனி வரிகளில் இருக்கட்டும்.

வருபவர்களை எண்ணுவதற்கு மட்டும் இன்னொரு விளையாட்டு வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால் "உள்ளேன் ஐயா" என்று பதில் போட வேண்டும், குடும்பத்தோடு வந்தால் "உள்ளோம் ஐயா". பதில்கள் மளமளவென்று வந்தன. ஆனால் ஓர் "உள்ளோம்" இரண்டு பேராக வந்தது, இன்னொன்று ஆறு பேராக வந்து நின்றது. எத்தனை பேர் என்பதை எண்ணில் எழுதச் சொல்லிவிடுங்கள், கணக்கு வாத்தியாரான எனக்கே அது தோன்றவில்லை.