20 செ.மீ. ஊசலை நீக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் செயல்திட்டத்துக்காகத் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டேன். கொக்கி வைத்த ஓர் இரும்புக் குண்டை நூலில் கட்டினேன். தாங்கியின் பிடியிலிருந்து முடிச்சு வரை நூலை அளந்து 20, 40, 60, 80, 100 செ.மீ. என ஐந்து நீளங்கள் வைத்தேன். குண்டைச் சுமார் 10 டிகிரி விலக்கி விட்டு, 10 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி கண்டேன். வரிசையாக 9.5, 13.1, 15.9, 18.2, 20.3 விநாடிகள் வந்தன. சூத்திரத்தில் இட்டால் முடுக்கம் 8.75, 9.20, 9.37, 9.53, 9.58 மீ/வி² என்று வருகிறது. சராசரி 9.29. புத்தகத்தில் 9.8. இது மனிதப் பிழை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். 20 செ.மீ. ஊசல்தான் மிகவும் தவறாக இருக்கிறது. அதை மட்டும் நீக்கிவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீக்க வேண்டாம். உங்கள் ஐந்து அளவீடுகளில் மிகுதியான செய்தியைத் தன்னுள் வைத்திருப்பது அந்த 20 செ.மீ. ஊசல்தான். அதை எடுத்துவிட்டால் மற்ற நான்கின் சராசரி 9.42 ஆகும். விடை சற்று மேம்பட்டதுபோலத் தோன்றும், ஆனால் பிழை அப்படியே உள்ளே இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்கான வழி மட்டும் மங்கிப்போகும்.

உங்கள் ஐந்து விடைகளையும் சராசரி காணாமல் வரிசையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நூல் நீள நீள, விடை ஒரு முறைகூடப் பின்வாங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. கடிகாரத்தை அழுத்துவதில் கை முந்துவதாலும் பிந்துவதாலும் வரும் பிழை இப்படி வரிசை கட்டி நிற்காது. அது சில அளவீடுகளில் விடையைக் கூட்டும், சிலவற்றில் குறைக்கும். சராசரி எடுப்பது அந்த வகைப் பிழைக்குத்தான் மருந்து. எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளும் பிழையைச் சராசரி தொடுவதில்லை. மூன்று முறை அளந்தது மிகச் சரியான செயல். ஆனால் முந்நூறு முறை அளந்திருந்தாலும் உங்கள் விடை 9.8-ஐ நெருங்கியிருக்காது.

ஆகவே "மனிதப் பிழை" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி அறிக்கைகளில் பெரும்பாலும் அது தேடலை நிறுத்துவதற்கான சொல்லாகவே பயன்படுகிறது. உங்கள் எண்களோ தேடலைத் தொடரச் சொல்கின்றன.

குறைவுக்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று பார்ப்போம். முதலில் விலக்கிய கோணம். T = 2π√(L/g) என்ற சூத்திரம் சிறிய கோணங்களுக்கு மட்டுமே பொருந்தும், கோணம் கூடினால் அலைவு நேரமும் கூடும். ஆனால் 10 டிகிரியில் இந்தக் கூடுதல் ஏறக்குறைய 0.2 சதவீதம்தான். அதனால் முடுக்கத்தில் வரும் குறைவு 0.4 சதவீதம் அளவுக்கே இருக்கும். உங்கள் 20 செ.மீ. ஊசலில் குறைவு 10 சதவீதத்துக்கும் மேல். தவிர, ஐந்து ஊசல்களையும் ஒரே கோணத்துக்கு விலக்கியிருந்தால் ஐந்தும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும், நூலின் நீளத்தோடு விடை மாறுவதற்கு இடமே இல்லை. கோணத்தை நீங்கள் கவனித்துக் குறித்து வைத்திருப்பதால்தான் இந்தச் சந்தேகத்தை ஒரே பத்தியில் முடிக்க முடிகிறது.

அடுத்தது கடிகாரம். நீங்கள் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் தாமதமாகவே நிறுத்தியிருந்தால், அந்தத் தாமதம் குறுகிய ஊசலின் 9.5 விநாடியில் பெரிய பங்காகவும், நீண்ட ஊசலின் 20.3 விநாடியில் சிறிய பங்காகவும் இருக்கும். எனவே நூல் நீள நீள விடை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம், இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதைச் சோதிக்கத் தேவையான எண்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. முடுக்கம் 9.8 என்றும், நூலின் நீளம் சரியாக 20 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 8.98 விநாடி ஆக வேண்டும். உங்களுக்கு ஆனது 9.5, அதாவது அரை விநாடிக்குச் சற்றே கூடுதலான தாமதம். அதே கணக்கின்படி 100 செ.மீ. ஊசலுக்கு 20.07 விநாடி ஆக வேண்டும். உங்களுக்கு ஆனது 20.3, இங்கே தாமதம் கால் விநாடிகூட இல்லை. இடையில் உள்ள மூன்று நீளங்களுக்கும் நீங்களே கணக்கிட்டால் தாமதம் படிப்படியாகக் குறைந்து வருவதைக் காண்பீர்கள். விரலின் தாமதம் ஊசலின் நீளத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. அது எல்லா நீளங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்த வாதம் போதாது என்று தோன்றினால், 20 செ.மீ. ஊசலை மட்டும் மறுபடியும் எடுத்து, 10-க்குப் பதிலாக 40 அலைவுகளை எண்ணுங்கள். விரலின் தாமதம்தான் காரணம் என்றால் அது நான்கு மடங்கு அலைவுகளுக்குப் பங்கிடப்பட்டு, முடுக்கம் 9.8-ஐ நோக்கி நன்றாகவே நகரும். வேறு காரணம் என்றால் விடை 8.75-ஐ ஒட்டியே நிற்கும். எண்ணும்போது குண்டு மிகத் தாழ்ந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் "பூச்சியம்" என்று சொல்லித் தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கினால் ஓர் அலைவு கணக்கில் விடுபடும்.

கோணமும் நேரமும் விலகிய பின் சூத்திரத்தில் மீதமிருப்பது நீளம். நீளத்தில் ஒரு மாறாத அளவு கூடியோ குறைந்தோ போயிருந்தால், அது 20 செ.மீ. ஊசலில் பெரிய பங்காகவும் 100 செ.மீ. ஊசலில் சிறிய பங்காகவும் இருக்கும். உங்கள் விடைகள் நடந்துகொள்ளும் விதமும் இதுவே. அந்த அளவு எவ்வளவு என்று தெரியாமலேயே அதைக் கணக்கிலிருந்து வெளியேற்ற ஒரு வழி உண்டு. அலைவு நேரத்தை இருமடியாக்கினால், சூத்திரத்தின்படி T² என்பது நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உங்கள் 20 செ.மீ. ஊசலில் அலைவு நேரம் 0.95 விநாடி, அதன் இருமடி 0.9025. 100 செ.மீ. ஊசலில் அலைவு நேரம் 2.03, அதன் இருமடி 4.1209. இரண்டுக்கும் வேறுபாடு 3.2184. நீளங்களின் வேறுபாடு 0.8 மீட்டர். இரண்டு ஊசல்களிலும் ஒரே அளவு நீளம் விடுபட்டிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது தானாகவே நீங்கிவிடும். எனவே 3.2184-ஐ 0.8-ஆல் வகுத்தால் 4.023 வருகிறது. 4π², அதாவது 39.48-ஐ, இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 9.81 மீ/வி² வருகிறது.

நீங்கள் நீக்கிவிட நினைத்த அதே ஊசலைச் சேர்த்துத்தான் இந்த விடை வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கழித்தலில் பயன்படுத்தும் இரு நீளங்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. 80, 100 ஆகிய இரண்டை மட்டும் எடுத்து இதே கணக்கைச் செய்தால், 18.2 விநாடியில் ஏற்படும் 0.1 விநாடித் தவறுகூட விடையை 4, 5 சதவீதம் அசைத்துவிடும். 20-உம் 100-உம் சேர்ந்தால் அதே தவறு விடையில் 1 சதவீத அளவுக்கே தெரியும். உங்கள் எண்கள் 9.81 என்றே காட்டியதில் சிறிது நல்வாய்ப்பும் கலந்திருக்கிறது. அறிக்கையில் 9.8 என்று ஒரு தசம இடத்தோடு எழுதுவதே நேர்மையானது.

இது பள்ளிக்கூட உத்தி மட்டும் அல்ல. ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் 1820களில் ஊசலைக் கொண்டு மிகத் துல்லியமாக அளந்தபோது, நீளம் வேறுபட்ட இரண்டு ஊசல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் நீள வேறுபாட்டை மட்டும் மிகக் கவனமாக அறுதியிட்டார். ஊசலின் முழு நீளத்தையும் பிழையின்றி அளப்பது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்கள் தேர்ந்த வழி அது.

இப்போது உங்களிடம் நான் கேட்க விரும்பும் ஒரே கேள்வி. ஐந்து நூல் நீளங்களைக் கிடை அச்சிலும் T² மதிப்புகளைக் குத்து அச்சிலும் குறித்து, புள்ளிகளை ஒட்டி ஒரு நேர்கோடு வரைந்து, அதைக் கீழ்நோக்கி நீட்டினால், T² பூச்சியமாகும் இடத்தில் அது நீள அச்சை எங்கே வெட்டுகிறது, அந்த இடத்துக்கும் பூச்சியத்துக்கும் இடைப்பட்ட தூரம் உங்கள் ஊசலில் எதனுடைய அளவு?

முதல் பாதிக்கு விடை வரைபடத் தாளில் கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு நீங்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊசலிடமே செல்ல வேண்டும். சூத்திரத்தில் உள்ள L, ஊசல் தொங்கும் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை உள்ள தூரம் என்பதைப் பாடப்புத்தகத்தின் படத்தில் மறுபடியும் பாருங்கள். பிறகு உங்கள் கடிதத்தில் நூலை எது வரை அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கண்டுபிடித்தது சரிதானா என்று உறுதிசெய்ய விரும்பினால், இதைவிடப் பெரிய ஒரு குண்டைக் கட்டி இரண்டு மூன்று நீளங்களில் அளந்து புதிய கோடு ஒன்று வரையுங்கள். உங்கள் விளக்கம் சரியென்றால் இரண்டு கோடுகளும் ஒரே சாய்வோடு இணையாக ஓடும், வெட்டும் இடம் மட்டும் நீங்கள் முன்கூட்டியே சொல்லக்கூடிய அளவுக்கு நகர்ந்திருக்கும்.

வரைபடம் வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழக்கம்போலப் பூச்சியத்தைத் தாளின் இடது ஓரத்தில் வைத்தால் கோட்டை நீட்டத் தாளில் இடம் இருக்காது. கிடை அச்சை −10 செ.மீ.-லிருந்து தொடங்குங்கள். கோட்டைப் பூச்சியத்தின் வழியாகச் செலுத்த வேண்டும் என்று கை விரும்பும், அதற்கு இடம் தராமல் புள்ளிகள் போகும் வழியிலேயே அளவுகோலை வையுங்கள். கோடு வெட்டும் இடத்தை மில்லிமீட்டர் வரை படித்து, குண்டையும் கொக்கியையும் அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்