ஒரு உயிரைக் கொல்வது மனிதகுலத்தையே கொல்வதற்குச் சமம்: குர்ஆன் வசனமும் மிஷ்னாவும்

கேள்வி: "ஒரு உயிரைக் கொன்றவன் மனிதர் அனைவரையும் கொன்றவன் போலாவான் என்ற குர்ஆன் வசனம் யூதச் சட்டநூலிலும் இருக்கிறதாமே, உண்மையா? இரண்டுக்கும் என்ன உறவு?"

உண்மைதான், அதைக் குர்ஆன் மறைக்கவும் இல்லை. ஐந்தாம் அத்தியாயமான அல்-மாயிதாவின் 32ஆம் வசனம், இதை "இஸ்ராயீலின் சந்ததியினர் மீது" விதித்ததாகவே இறைவன் கூறுவதாகத் தொடங்குகிறது. மேடைகளில் பெரும்பாலும் இந்த முதற்பகுதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவதால்தான், யூத மூலத்தைக் கேள்விப்படுகிறவர்கள் ஏதோ ரகசியம் வெளிப்பட்டதுபோல் திகைக்கிறார்கள்.

யூத மரபில் இந்த வாக்கியம் இருக்கும் இடம் மிஷ்னா. வாய்மொழியாக வந்த சட்டங்களை யூதா ஹநாசி என்ற ரபி ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுத்த நூல் அது. குர்ஆனுக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்தியது. அதில் சன்ஹெத்ரின் என்னும் பகுதியின் நான்காம் அதிகாரம், மரணதண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவரை நீதிமன்றம் எப்படி எச்சரிக்க வேண்டும் என்று விவரிக்கிறது. ஊகத்தையோ, பிறர் சொல்லக் கேட்டதையோ சாட்சியமாகச் சொல்லாதே என்பது முதல் எச்சரிக்கை. ஊகம் என்றால் என்ன என்பதற்கு, மிஷ்னாவுக்குப் பின்னர் எழுந்த விரிவுரையான தல்மூத் தரும் விளக்கம் கடுமையானது: ஒருவன் இன்னொருவனைத் துரத்திக்கொண்டு பாழடைந்த கட்டடத்துக்குள் ஓடுகிறான், நீ பின்னால் ஓடிப் பார்க்கும்போது அவன் கையில் இரத்தம் சொட்டும் வாள், தரையில் துடித்துக்கொண்டிருக்கும் உடல். இதைப் பார்த்திருந்தாலும் நீ ஒன்றும் பார்க்கவில்லை, ஏனென்றால் வெட்டியதை நீ பார்க்கவில்லை.

அடுத்து நீதிபதிகள் காரணம் சொல்கிறார்கள். பண வழக்கில் பொய் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஈடுசெய்யலாம். உயிர் வழக்கில் இறந்தவனுடைய இரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்கக்கூடிய சந்ததிகளின் இரத்தமும் உலக முடிவுவரை சாட்சியின் தலைமேல் நிற்கும். இதற்கு ஆதாரமாக, ஆதாமின் மகன் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்ற கதையைக் காட்டுகிறார்கள். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்னும் ஆதியாகம வசனம் (4:10) எபிரேயத்தில் இரத்தத்தைப் பன்மையில் சொல்வதால், கொல்லப்பட்டவர் ஆபேல் ஒருவர் மட்டுமல்லர் என்பது அவர்களின் வாசிப்பு. ஆதாம் தனி ஒருவனாகப் படைக்கப்பட்டதும் இதைக் கற்பிக்கவே என்று தொடர்ந்து, ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவனாகவும், ஓர் உயிரைக் காத்தவன் ஓர் உலகத்தையே காத்தவனாகவும் கருதப்படுவான் என்று முடிக்கிறார்கள்.

இப்போது குர்ஆனுக்குத் திரும்பினால், 27 முதல் 31 வரையிலான வசனங்கள் ஆதமின் இரு மகன்களின் கதையை, அதாவது இதே காயீன், ஆபேல் கதையைச் சொல்கின்றன. உடனே 32ஆம் வசனம் "இதன் காரணமாகவே" என்று தொடங்குகிறது. ஓர் அண்ணன் தம்பியைக் கொன்றதிலிருந்து மனிதகுலம் முழுவதற்கும் எப்படித் தாவ முடிகிறது என்பதைக் குர்ஆன் விளக்குவதில்லை. அந்த இணைப்பு மிஷ்னாவில்தான் வெளிப்படையாக இருக்கிறது என்று 1833லேயே ஆபிரகாம் கைகர் என்ற யூத அறிஞர் எழுதினார். யூத மரபிலிருந்து குர்ஆன் கடன் வாங்கியதற்கான சான்றாக அவர் அதைக் கண்டார். மாறாக, பழைய சமூகத்துக்கு அருளப்பட்டதையே குர்ஆன் நினைவூட்டுகிறது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. மோசேயின் ஐந்து நூல்களான எழுதப்பட்ட தோராவில் இவ்வாக்கியம் இல்லையே என்ற விமர்சனம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. தோராவில் இருக்கிறது என்று இந்த வசனம் சொல்லவில்லை, வாய்மொழிச் சட்டமும் சீனாய் மலையில் தொடங்கியது என்பது ரபிகளின் நம்பிக்கையே.

நான் முக்கியமாகக் கருதும் வேறுபாடு ஒன்று உண்டு. "கொலைக்குப் பதிலாகவோ, பூமியில் குழப்பம் விளைவித்ததற்காகவோ அல்லாமல்" என்ற விதிவிலக்கு குர்ஆன் வசனத்தின் உள்ளேயே இருக்கிறது. அடுத்த வசனம் அத்தகைய குழப்பக்காரர்களுக்கான தண்டனைகளைப் பேசுகிறது. அதை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. மிஷ்னாவின் வாக்கியத்தில் விதிவிலக்கு இல்லைதான். ஆனால் அது மரணதண்டனை விதிக்கக்கூடிய மன்றத்தில் சொல்லப்படுவது என்பதையும் மறக்கக் கூடாது.

"ஓர் உயிர்" என்றால் யாருடைய உயிர் என்ற கேள்வி இரு மரபிலும் எழுந்திருக்கிறது. அச்சிட்ட தல்மூத் பதிப்புகளில் "இஸ்ரவேலில் ஓர் உயிர்" என்று இருக்கும். மிஷ்னாவின் மிகச் சிறந்த கைப்படிகளுள் ஒன்றான காஃப்மன் படியில் அந்தச் சொல் இல்லை, அதுவே மூலப் பாடம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஆதாமைக் காட்டி நடத்தும் வாதத்துக்கும் அதுவே பொருந்துகிறது. இஸ்லாமிய மரபில், இந்த வசனம் இஸ்ராயீலருக்கு விதிக்கப்பட்டதுபோல் நமக்கும் உரியதா என்று தொடக்ககால அறிஞரான ஹஸன் அல்-பஸ்ரியிடம் ஒருவர் கேட்டதைத் தபரியின் குர்ஆன் விரிவுரை பதிவு செய்கிறது. ஆம், இஸ்ராயீலரின் இரத்தம் நம் இரத்தத்தைவிட மதிப்பு மிக்கதாக ஆக்கப்படவில்லை என்று அவர் ஆணையிட்டுப் பதில் சொன்னார்.