இடது, வலது ஒலி ஒன்றுக்கொன்று பிந்தினால்

“பாட்டியின் தாலாட்டை இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தேன். ஹெட்போனில் சரியாக இருக்கிறது. கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் குழாய்க்குள் இருந்து பாடுவது போல் கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?”

ஒரு மைக் பாட்டியின் அருகிலும் மற்றொன்று தள்ளியும் இருந்திருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்லும். 3 மீட்டர் கூடுதல் தூரமென்றால் தள்ளியிருந்த மைக்கில் ஏறக்குறைய 9 மில்லிநொடி தாமதம். இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. குரல் உள்ளீடற்றுப் போவது அதனால்தான்.

மூலக்கோப்பைப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து Split Stereo to Mono கொடுங்கள். கைதட்டல், தொட்டில் கொக்கியின் ‘டக்’ போன்ற கூர்மையான சத்தத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு அலைகளிலும் அது எழும் இடங்களின் இடைவெளியே தாமதம். முந்தி வரும் தடத்தின் தொடக்கத்தில் அவ்வளவு மௌனத்தைச் செருகினால் போதும். வலது 9 மில்லிநொடி பிந்தியிருந்தால் ffmpeg என்ற நிரலில் ஒரே கட்டளையாகவும் செய்யலாம்:

```
ffmpeg -i paattu.wav -af "adelay=9|0" sari.wav
```

பிறகு கோப்பின் கடைசியிலும் ஒரு சத்தத்தை ஒப்பிடுங்கள். அங்கே மீண்டும் விலகியிருந்தால், இரண்டு தனிக் கருவிகளில் பதிவாகி அவற்றின் கடிகாரங்கள் வேறுபட்டிருக்கின்றன. நகர்த்துவது மட்டும் உதவாது, ஒரு தடத்தின் வேகத்தையும் சற்று மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் முழு மௌனமாக இருந்தால் வேலை எளிது: பிரித்தபின் வெற்றுத் தடத்தை நீக்கிவிடுங்கள். மௌனத்தோடு கலந்து மோனோ ஆக்காதீர்கள், குரலின் அளவு பாதியாகிவிடும்.