ஓனரிடம் எப்படிச் சொன்னால் செப்டிக் டேங்க் வண்டி வரும்?

“மூணு நாளா பாத்ரூம்ல சாக்கடை நாத்தம், தண்ணியும் மெதுவாத்தான் இறங்குது. ஓனர் ‘பாக்கலாம்’னு மட்டும் சொல்றார். என்ன சொன்னா உடனே ஆள் அனுப்புவார்?”

நாற்றம் என்று மட்டும் சொன்னால் பினாயில் ஊற்றச் சொல்வார்கள். அடைப்பு எங்கே என்று சொல்லுங்கள். வெளியே உள்ள சேம்பர் மூடிகளைத் திறந்தால் தெரிந்துவிடும். திறந்ததும் சற்றுத் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். டேங்க் மூடியைத் தொடவே வேண்டாம்.

வீட்டை ஒட்டிய சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு உள்பைப்பில். அது நிரம்பி, டேங்குக்கு முந்தைய சேம்பர் காலி என்றால் நடுவில். எல்லாமே நிரம்பி நின்றால் கோளாறு டேங்குக்குள் போகும் பைப்பில், டேங்கில் அல்லது அதற்கு அப்பால்.

பிறகு போட்டோவோடு இப்படி அனுப்புங்கள்:

“சார், மூணு நாளா நாத்தம். இன்னைக்கு காலைல பார்த்தேன், ரெண்டு சேம்பரும் மூடி வரைக்கும் நிக்குது. டேங்க் நிரம்பியிருக்கும்னு தோணுது. நாளைக்குள்ள வண்டி அனுப்புங்க, நான் வீட்ல இருப்பேன்.”

அதுவரை வாஷிங் மெஷின் ஓட்டாதீர்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், டேங்க் அடைப்பை அது கரைக்காது.

வண்டி வந்தால் மேல்தண்ணீரோடு அடிச்சேற்றையும் உறிஞ்சச் சொல்லுங்கள். ஆளை மட்டும் உள்ளே இறங்க விடாதீர்கள். விஷவாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும், நாற்றமில்லை என்று நம்பி இறங்குகிறவர் உயிரோடு திரும்பாமல் போகலாம்.

சில நாளில் வேலையாள் திறந்து பார்க்கும்போது டேங்கில் மறுபடி தண்ணீர் தெரிந்தால் பயப்படாதீர்கள். டேங்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் வெளிக்குழாய் மட்டம் வரை நிற்பது இயல்பு. அதைத் தாண்டி ஏறினால் வெளிக்குழாயோ உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. அதையும் ஓனருக்கு எழுதுங்கள்.